‘காற்று முடிச்சு’ அத்தியாயத் திட்டம்: வாசிப்புக் குறிப்பு

வணக்கம். 32 அத்தியாயத் திட்டத்தையும் உலக விதிகள் பக்கத்தையும் படித்துவிட்டேன். காற்றைக் கயிற்றில் முடிந்து விற்கும் துறைமுகம் பிரமாதம். கொண்டல், கோடை, வாடை, தென்றல் நான்குக்கும் நான்கு விலை என்பதில் கை வைக்காதீர்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது: முடிச்சுக்கு நீங்களே வைத்த விலையை யாரும் கொடுப்பதில்லை.

முதலில் விதிகள். முடிந்தவர் மட்டுமே அவிழ்க்க முடியும் என்கிறது 3ஆம் விதி. அப்படியானால் வாங்கிப்போன மாலுமி நடுக்கடலில் என்ன செய்வான்? வியாபாரமே நடக்காது. 17ஆம் அத்தியாயத்தில், இறந்துபோன பாட்டியின் முடிச்சை நாயகி வேணி அவிழ்த்தும் விடுகிறாள். ஒவ்வொரு முடிச்சும் செவியைக் கொஞ்சம் நிரந்தரமாகத் தின்னும் என்பது 4ஆம் விதி. ஆனால் 21இல் ஒரே இரவில் ஏழு முடிச்சு போட்டவளுக்கு, 22இல் சுவருக்கு அப்பால் துறைக்கோன் கிசுகிசுப்பது தெளிவாகக் கேட்கிறது.

ஒரே மாற்றம் போதும்: யாரும் அவிழ்க்கலாம், செவி போவது அவிழ்ப்பவருக்கு. பாட்டியின் முடிச்சும் வியாபாரமும் சரியாகிவிடும். கப்பலுக்கு ஒருவர், அவிழ்ப்பதற்கென்றே கூலிக்கு வருவார். வேணியின் அப்பா அப்படிச் செவிடானவராக இருக்கட்டும். இப்போதைய திட்டத்தில் 11 வரை அவள் பிறர் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போகிறாள். தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. அப்பாவின் கூலிப் பத்திரத்தை மீட்பது அவளுக்குப் போதுமான காரணம்.

19இல் மாறன் காட்டிக்கொடுப்பது திடீரென்று நடக்கிறது. செவி மங்கிய வேணியால் 22இல் ஒட்டுக்கேட்க முடியாது, அவன்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். துரோகத்தை அங்கே நகர்த்துங்கள்: கேட்டதை மாற்றிச் சொல்கிறான். அவன் அண்ணனின் கப்பல் துறைக்கோனிடம் அடகில் இருப்பதை 6லேயே போகிறபோக்கில் சொல்லிவிடுங்கள். துறைக்கோன் கயிறுகளை எரிப்பதும் புரியவில்லை. அவன் வருமானமே அதன் சுங்கம்தானே. எரிக்காமல் பதுக்கி விலையேற்றட்டும்.

நடுப்பகுதிதான் அதிகம் தொய்கிறது. 13 முதல் 16 வரை நான்கு தீவு, நான்கு கயிறு: போகிறாள், சோதனை, வாங்குகிறாள், புறப்படுகிறாள். 14ஐயும் 16ஐயும் இடம் மாற்றினாலும் கதையில் எதுவும் ஆடவில்லை. இரண்டு தீவு போதும். முதலாவதில் கயிறு கிடைக்கட்டும், செவியில் பாதி போகட்டும். இரண்டாவதில் தோற்று வெறுங்கையோடு திரும்பட்டும். மீதி இரண்டின் நல்ல காட்சிகளை (சங்குச் சந்தை கட்டாயம்) இவற்றில் சேருங்கள். கயிறுகளை எரிப்பது துறைக்கோன்தான் என்று 24இல் தெரிவதை, பதுக்குவதாக மாற்றி 16க்குக் கொண்டுவாருங்கள். அதுவரை தேடியவள், அதன்பின் திருட வேண்டியிருக்கும்.

18இல் வரும் டிராகன் எதற்கென்று தெரியவில்லை. எடுத்துவிடலாம்.

எழுதத் தொடங்குமுன் 12 முதல் 24 வரை மட்டும் அத்தியாயத்துக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: வேணி எதை விரும்பினாள், எதை இழந்தாள். இரண்டாவது வரி எழுத வராத அத்தியாயங்களை மட்டும் சேர்ந்து பார்ப்போம்.