வோல்டேஜ் புகார்: மின் உதவி மையத்துக்கு ஓர் அழைப்பு

உதவி மையம்: வணக்கம், மின் புகார் பிரிவு. சொல்லுங்க.

கலைச்செல்வி: வணக்கம் மேடம். என் பெயர் கலைச்செல்வி. எங்கள் வீட்டில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்குகிறது, புகார் பதிவு செய்யக் கூப்பிட்டேன். இணைப்பு எண் கையிலேயே இருக்கிறது, சொல்லட்டுமா?

உதவி மையம்: ஒரு நிமிஷம்மா, திரை திறக்கட்டும்... ம், சொல்லுங்க.

கலைச்செல்வி: நாலு ஏழு, ஒன்று சைபர், மூன்று ஆறு, எட்டு இரண்டு. இணைப்பு அப்பா பெயரில் இருக்கிறது, ராமசாமி. நான் அவருடைய மகள், இதே வீட்டில்தான் இருக்கிறேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் நான் பேசுகிறேன்.

உதவி மையம்: பரவாயில்லைம்மா. 47103682, ராமசாமி, மூன்று பேஸ் இணைப்பு. சரிதானே?

கலைச்செல்வி: அதேதான் மேடம்.

உதவி மையம்: என்ன ஆகிறது?

கலைச்செல்வி: அரை மணி நேரமாக ஹால் விளக்கு கண் கூசும்படி எரிகிறது. அதே நேரத்தில் உள்ளறை மின்விசிறி சுற்றவே மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டேன், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

உதவி மையம்: அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு வரும் நியூட்ரல் ஒயர் விட்டுப் போயிருக்கலாம். முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 பக்கம் ஏறிவிடும், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போய்விடும்.

கலைச்செல்வி: இருங்கள் மேடம்... அணைத்துவிட்டேன்.

உதவி மையம்: நல்லது. மீட்டர் பெட்டியையோ ஒயரையோ யாரும் தொட வேண்டாம். புகார் பதிவாகிவிட்டது, எண் 2914. லைனை உங்கள் பகுதிப் பிரிவுக்கு மாற்றுகிறேன், அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கலைச்செல்வி: சரிங்க மேடம், ரொம்ப நன்றி.

(மணி அடிக்கிறது. வேறொருவர் எடுக்கிறார்.)

பகுதிப் பிரிவு: ஹலோ, யாருங்க?

கலைச்செல்வி: வணக்கம் சார், கலைச்செல்வி பேசுகிறேன். புகார் எண் 2914, வோல்டேஜ் பிரச்சினை. உதவி மையத்திலிருந்து இப்போதுதான் உங்களுக்கு மாற்றினார்கள். நியூட்ரல் விட்டிருக்கலாம் என்று மேடம் சொன்னார்கள். மெயினை அணைத்துவிட்டோம்.

பகுதிப் பிரிவு: அணைத்தாச்சா? அதுதான் கேட்கலாம் என்று இருந்தேன். எரிந்த வாடை, புகை ஏதாவது?

கலைச்செல்வி: இல்லை சார். கம்பத்திலிருந்து ஒயர் வந்து சேரும் இடத்தில் மட்டும் முன்பு பொறி பறந்தது. இப்போது இல்லை.

பகுதிப் பிரிவு: அந்தப் பக்கம் யாரையும் போக விடாதீர்கள். லைன்மேன் வேறொரு வேலையில் இருக்கிறார், அது முடிந்ததும் நேரே அங்கே அனுப்புகிறேன். இந்த நம்பரில் கூப்பிட்டால் எடுப்பீர்களா?

கலைச்செல்வி: எடுப்பேன் சார். வாசல் விளக்கும் எரியாது, அவர் கூப்பிட்டால் டார்ச்சோடு வெளியே வந்துவிடுகிறேன். வைக்கிறேன் சார், நன்றி.