ஜப்லாவுக்கு மூன்று மீட்டர்

செவ்வாய்க்கிழமை ஈரோடு கனி மார்க்கெட்டில் நிற்கக்கூட இடமில்லை. அக்காவின் கைக்குழந்தைக்கு ஜப்லா தைக்க வெள்ளைத் துணி வேண்டும். மதுமிதா எடுத்ததுமே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அமுச்சி, இது எவ்வளவு கெட்டியா இருக்கு பாருங்க."

சென்னிமலையில் பாதி ஆயுசுக்கும் மேல் தறியில் போர்வை நெய்தவள் அமுச்சி. கண்புரைக்கு ஆபரேஷன் ஆகியும் துணி விஷயத்தில் கண்ணை நம்பமாட்டாள். துணியின் மூலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். அவளுடைய கருநீலச் சேலை மடியில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

"கெட்டி துணியில இல்ல கண்ணு, கஞ்சியில. ரெண்டு தண்ணி பார்த்தா வலையாட்டம் ஆயிரும்."

அப்புறம் தன் சேலைத் தலைப்பை அவள் கையில் கொடுத்தாள். "கரையோரமா நீளவாக்குல இழு. பாவு நூல் அசையாது. அகலவாக்குல இழு, ஊடை கொஞ்சம் கொடுக்கும். இப்போ மூலைவாட்டமா இழு. நல்லா நீளுதா? விட்டா பழையபடி வந்துரணும். தொங்கிப்போச்சுன்னா நெசவு நெருக்கமில்லைன்னு அர்த்தம்."

மதுமிதா தையல் வகுப்பில் மூலைவாட்டம் வெட்டியிருக்கிறாள். ஆனால் துணி அந்தப் பக்கம் ஏன் இளகுகிறது என்பது இப்போதுதான் விரலுக்குப் புரிந்தது.

கடைக்காரத் தம்பி அடுத்து வழுவழுவென்று ஒன்றை நீட்டினார்.

"கையில கசக்கிப் பிடிச்சு, பத்து தடவை முருகான்னு சொல்லிட்டு விடு."

விட்டதும் துணி தானாக விரிந்தது. மடிப்பே விழவில்லை.

"கசங்கலையே, நல்லதுதானே அமுச்சி?"

"ஆபீஸ் போறவங்களுக்கு நல்லது. இதுல பாலியஸ்டர் கலந்திருக்கு. நம்மூரு வெயில்ல பச்சப்புள்ளைக்கு வேர்த்தா இது குடிக்காது. பருத்தின்னா கசங்கத்தான் செய்யும். கசங்குறதைக் குத்தமா நினைக்காதே."

மூன்றாவது துணியில் தூள் இல்லை. கசக்கினால் மடிப்பு விழுந்தது, தடவினால் கொஞ்சம் அடங்கியது. கன்னத்தில் வைத்துப் பார்த்தும் உறுத்தவில்லை. அமுச்சிக்குப் பிடித்துவிட்டது. சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

"இருங்க அமுச்சி, இழுத்துப் பார்க்கலையே."

மதுமிதா இழுத்தாள். நீளம், அகலம் சரி. மூலைவாட்டமாக இழுத்து விட்டதும் துணி உப்பலாகவே நின்றது. இரண்டு கட்டைவிரலையும் ஒட்டி வைத்து, இழைகளை எதிரெதிராகத் தள்ளிப் பார்த்தாள். நடுவில் சின்னதாக ஒரு சந்து திறந்தது.

"நூல் விலகுது. குழந்தைக்குக் கை நுழைக்கிறப்போ தையல்கிட்ட பிரிஞ்சிரும்."

அமுச்சி அதே இடத்தைத் தடவிப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் தடவினாள். சுருக்குப்பையை இழுத்து முடிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

"தம்பி, இது வேண்டாம். இன்னும் நெருக்கமா நெஞ்சது இருந்தா எடுங்க. என்கிட்ட இல்ல, இவ கையில கொடுங்க."