கையில வச்சுக்குங்க
(குறும்படத் திரைக்கதை)

பாத்திரங்கள்:
செல்வராசு, 58. கடலூரில் வாடகைக் கார் ஓட்டுபவர்.
கலைச்செல்வி, 43. வண்டிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருப்பவர்.

காட்சி 1
வெளிப்புறம். வண்டிப்பாளையம். இரவு 12.40. ஐப்பசி மழை.

கார் வந்து நிற்கிறது. கலைச்செல்வி ஓடி வருகிறார். புடவை முந்தானையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. ஒரு கையில் செல்போன், மறு கையில் துணிப்பை. பின் கதவைத் திறந்து, மறுபடி சாத்திவிட்டு, முன் சீட்டில் ஏறுகிறார்.

கலைச்செல்வி: ரோடு தெரியணும்ணே. பின்னாடி உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். ஜிப்மருக்கு விடுங்க.

செல்வராசு: உக்காருங்கம்மா. யாருக்கு என்ன?

கலைச்செல்வி: என் பையன். பாண்டியில படிக்கிறான். மரப்பாலம் கிட்ட பைக்கோட விழுந்துட்டானாம். தலையில அடின்னு அவன் கூட்டாளி சொன்னான். அப்புறம் போனே எடுக்கல.

செல்வராசு: வீட்டுக்காரரு?

கலைச்செல்வி: துபாய்ல.

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வண்டியை எடுக்கிறார்.

காட்சி 2
உட்புறம். கார். ஓடிக்கொண்டிருக்கிறது.

கேமரா டேஷ்போர்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் உயர மாக்கல் பிள்ளையார். மருந்து டப்பா மூடியில் விபூதி. காலையில் வைத்த சாமந்தி, இப்போது ஓரம் பழுத்துப் போயிருக்கிறது. பின்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. பிள்ளையாரின் தும்பிக்கை நுனி உடைந்திருக்கிறது. (புதுச் சிலையை வாங்கி உடைக்க வேண்டாம். பல வருஷம் கைபட்டு மழுங்கிய உடைசல் வேறு மாதிரி இருக்கும். பழைய வண்டிக்காரர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.)

ஆல்பேட்டை கடந்து பெண்ணையாற்றுப் பாலம். கீழே இருட்டு. கலைச்செல்வி நான்காவது முறையாக டயல் செய்கிறார். மணி அடித்து நின்றுபோகிறது. போன் மடியில் விழுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்.

கலைச்செல்வி: அண்ணே... மூச்சு வர மாட்டேங்குது. விரலெல்லாம் மரத்துப் போவுது.

செல்வராசு: வண்டிய ஓரங்கட்டட்டுமா?

கலைச்செல்வி: வேணாம், வேணாம். நிறுத்தாதீங்க!

செல்வராசு கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்குகிறார். மழைக்காற்று உள்ளே வருகிறது.

மிக அருகில்: ஸ்டியரிங்கிலிருந்து அவருடைய இடது கை இறங்குகிறது. கட்டைவிரல் நகம் பிள்ளையாரின் அடியில் நுழைந்து நெம்புகிறது. டபுள் டேப் விட மறுக்கிறது. மறுபடி நெம்புகிறார். பிய்ந்து வருகிறது. கலைச்செல்வி கண்ணை மூடியிருக்கிறார், பார்க்கவில்லை. இதைப் பார்வையாளர் தவறவிடக் கூடாது. வேகமாக வெட்டிவிடாதீர்கள்.

செல்வராசு: அம்மா, ஒரு உதவி பண்ணணும் நீங்க. இந்த ஈரத்துல டேப் விட்டுப்போச்சு. பள்ளத்துல ஏறி இறங்கினா சாமி கீழ விழுந்துடும். கொஞ்சம் கையில வச்சுக்குங்க.

கலைச்செல்வி: நானா? என் கை நடுங்குதுண்ணே.

செல்வராசு: நான் ஸ்டியரிங்க விட முடியாதேம்மா.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார். ரெட்டிச்சாவடி தாண்டி வண்டி ஒரு பள்ளத்தில் குதிக்கிறது. இரண்டு கையும் தானாக நெஞ்சோடு அணைத்துக்கொள்கின்றன, தூங்கும் குழந்தையைக் காப்பதுபோல.

காட்சி 3
உட்புறம். கார். முள்ளோடை தாண்டி. பூட்டிய சாராயக் கடைகளின் பலகைகள் மழையில் கலங்கித் தெரிகின்றன.

கொஞ்ச நேரம் வைப்பரின் சத்தம் மட்டும். இசை வேண்டாம், இந்தப் படத்தில் எங்குமே வேண்டாம்.

கலைச்செல்வியின் கட்டைவிரல் உடைந்த தும்பிக்கையைத் தடவிக்கொண்டிருக்கிறது.

கலைச்செல்வி: இது எப்படி உடைஞ்சிது?

செல்வராசு: தானே புயல்ல. 2011 டிசம்பர் முப்பது. ராவெல்லாம் காத்து. கடன்ல எடுத்த வண்டி, எட்டு மாசம்கூட ஆகல. விடிஞ்சு பார்த்தா பலா மரம் அப்படியே மேல படுத்துக் கெடக்குது. கூரை நசுங்கி, கண்ணாடி எல்லாம் தூள். இவரு மட்டும் சீட்டுக்கடியில கெடந்தாரு.

கலைச்செல்வி: அப்புறம்?

செல்வராசு: அப்புறம் என்ன. கையில எடுத்து வச்சுக்கிட்டு மரத்து மேலயே உக்காந்துட்டேன். வீட்ல கூப்பிட்டாங்க, எழுந்திரிக்க முடியல. இவர துடைச்சு துடைச்சு, சேறு போற வரைக்கும் துடைச்சேன். சேறு போனப்ப பசிச்சிது. எழுந்து போய் சாப்பிட்டேன்.

அவர் இதைக் கதையாகச் சொல்லக் கூடாது. டீசல் விலை பேசும் குரலில் சொல்ல வேண்டும்.

செல்வராசு: நீங்க வண்டிப்பாளையம்தானே. கல்லோட கட்டிக் கடல்ல தள்ளின அப்பரே உங்க ஊருப் பக்கம் கரையேறவிட்டகுப்பத்துலதான் கரையேறினாரு. உங்க புள்ளைக்கும் கரை இருக்குதும்மா.

கலைச்செல்வி: (அழுகை உடைகிறது. ஆனால் மூச்சு வருகிறது.) காலையில சண்டை போட்டேண்ணே. மழையில வண்டி எடுக்காதன்னு. பேசாமலே போன வச்சுட்டான்.

செல்வராசு: இன்னும் ரெண்டு பாலம் இருக்குது. சுண்ணாம்பாறு ஒண்ணு, அரியாங்குப்பம் ஒண்ணு. பாலம் வந்தா எனக்குச் சொல்லுங்க. மழையில எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.

அவருக்கு நன்றாகத் தெரிகிறது. கலைச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்து, முன் கண்ணாடியை உற்றுப் பார்க்கிறார். கிருமாம்பாக்கம். தவளக்குப்பம்.

கலைச்செல்வி: இதோ... பாலம் வருதுண்ணே.

செல்வராசு: சரிம்மா.

காட்சி 4
வெளிப்புறம். ஜிப்மர் அவசர சிகிச்சைப் பிரிவு வாசல். இரவு 1.35.

வண்டி முழுசாக நிற்பதற்குள் அவர் இறங்கி ஓடுகிறார். வலது கை மூடியே இருக்கிறது. செல்வராசு கூப்பிட வாயெடுத்து, விட்டுவிடுகிறார். துணிப்பை சீட்டில் கிடக்கிறது. டேஷ்போர்டில் விபூதிக்கும் சாமந்திக்கும் நடுவே தூசி படாத ஒரு வட்டம். மஞ்சள் விளக்கு அந்த வெறும் இடத்துக்கு எரிகிறது. அவர் அதை அணைக்கவில்லை.

காட்சி 5
அதே இடம். விடியற்காலை 4.10. மழை தூறலாகிவிட்டது.

செல்வராசு சீட்டைச் சாய்த்து விழித்திருக்கிறார். கலைச்செல்வி வந்து கதவைத் திறக்கிறார்.

கலைச்செல்வி: ஸ்கேன்ல தலைக்குள்ள ஒண்ணும் இல்லையாம்ணே. கால்லதான் எலும்பு ஒடைஞ்சிருக்குது. ஆபரேஷன் பண்ணணுமாம். பேசினான். (குரல் கம்முகிறது) சாப்பிட்டியாம்மான்னு கேக்கறான்.

செல்வராசு கண்ணை மூடித் திறக்கிறார்.

கலைச்செல்வி கையை விரிக்கிறார். பிள்ளையார். உள்ளங்கையில் பீடத்தின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருக்கிறது. பழைய இடத்தில் வைக்கக் குனிந்தவர், அப்படியே நிற்கிறார். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் டேப்பின் மிச்சத்தை விரலால் தொடுகிறார். வெள்ளையாக, நுரை பிதுங்கி, ஓரம் தாறுமாறாக. இருபது வருஷம் துணி பிரித்த விரல் அது.

கலைச்செல்வி: அண்ணே. இது ஈரத்துல தானா விட்ட டேப் இல்ல. இழுத்துப் பிய்ச்சது.

செல்வராசு வெளியே பார்க்கிறார். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் பாய்லர் புகைகிறது.

செல்வராசு: கடை தொறந்துட்டான். டீ குடிக்கிறீங்களாம்மா?

கலைச்செல்வி பிள்ளையாரை அந்த வட்டத்தில் வைக்கிறார். ஒட்டவில்லை, ஆடுகிறது. துணிப்பையில் துழாவி, ஊசி குத்தி வைத்திருந்த துணிச்சுருள் ஒன்றை எடுத்து அண்டைக் கொடுக்கிறார். ஆட்டம் நிற்கிறது.

கலைச்செல்வி: சர்க்கரை கம்மியா சொல்லுங்கண்ணே.

இருவரும் தூறலில் சாலையைக் கடக்கிறார்கள்.