ஏற்காடு காப்பித்தூள்: விளம்பர க்ளிக் முதல் மாத வருவாய் வரை

அண்ணாவுக்கும் சேலம் வறுப்புக்கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும்,

ஆன்லைன் விற்பனையில் ஒரு மாதத்தில் கைக்கு வரும் பணத்தை ரூ.4,50,000-இலிருந்து ரூ.6,00,000 ஆக்க வேண்டும். அதற்கான கணக்கு மரம் இது. எண்கள் போன மாதத்தவை.

```
மாத வருவாய் 4,50,000
├─ புது வாடிக்கையாளர் 1,62,000
│   ├─ க்ளிக் 12,000
│   ├─ × பக்கம் திறந்தது 75% (9,000)
│   ├─ × ஆர்டர் போட்டது 3% (270)
│   ├─ × பார்சலை வாங்கியது 80% (216)
│   └─ × சராசரி ஆர்டர் 750
└─ பழைய வாடிக்கையாளர் 2,88,000
    ├─ மறு ஆர்டர் 320
    └─ × சராசரி ஆர்டர் 900
```

பெருக்கல் குறி உள்ள கிளையில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மொத்தமும் இறங்கும். க்ளிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. க்ளிக்குக்கு ரூ.6 வீதம் ரூ.72,000 செலவு, பார்சல் வாங்கிய 216 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ரூ.333. முதல் ஆர்டரில் நமக்கு மிஞ்சுவதோ ரூ.300. ஆக, அவர் இரண்டாம் முறை வாங்கினால்தான் அந்த விளம்பரம் நமக்கு லாபம். விளம்பரப் பணத்தைக் கூட்டுவதற்கு நான் இப்போது சம்மதிக்க மாட்டேன்.

பக்கம் திறப்பது 90% ஆகட்டும். தோட்டத்துப் படங்களின் அளவைக் குறைத்தாலே பாதி வேலை முடியும். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களை அனுப்புமுன் போன் செய்து உறுதிசெய்தால் வாங்கியது 90% ஆகும். அதே 12,000 க்ளிக்கில் சுமார் 292 ஆர்டர், ரூ.2,19,000. மறு ஆர்டர் 424 ஆனால் ரூ.3,81,600. இரண்டும் சேர்ந்து ரூ.6,00,600.

மறு ஆர்டரை அதே மாதத்தில் தேடாதீர்கள். அரைக்கிலோ தூள் தீர்ந்த பிறகுதானே வாங்குவார்கள்? முதல் பார்சல் போய் 45 நாள் கழித்து எண்ணுவோம். தூள் தீரும் நேரம் பார்த்து, வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல் போகட்டும்.

இன்னொன்று. மே மாதக் கோடை விழாவுக்கு வருபவர்கள் தோட்டத்துக் கடையில் ருசி பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் நம் பெயரையே கூகுளில் தேடுவார்கள். அந்த க்ளிக்கில் ஆர்டர் விழுவது விளம்பரத்தின் சாமர்த்தியம் அல்ல. அவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள். அதனால் பெயர்த் தேடலுக்கு `utm_campaign=brand`, மற்றதற்கு `utm_campaign=new` என்று விளம்பர இணைப்பில் அடையாளம் போட்டுப் பிரித்துவிட்டேன். மரத்தில் மேலே உள்ள 12,000 இரண்டாவது வகை மட்டுமே. போனில் ஆர்டர் சொல்பவரிடம் "எங்க பார்த்தீங்க?" என்று கேட்டு ஷீட்டில் எழுதுங்கள்.

க்ளிக்கும் பக்கமும் என் பொறுப்பு, தினமும் பார்ப்பேன். உறுதிப்படுத்தும் போனும் திரும்பி வந்த பார்சல் கணக்கும் பேக்கிங் அக்கா, வாரம் ஒருமுறை. மறு ஆர்டரும் வருவாயும் அண்ணா, மாதக் கடைசியில். போன் செய்து உறுதிசெய்யத் தொடங்கிய பிறகும் வாங்கியது 85%-க்குக் கீழே இரண்டு வாரம் தொடர்ந்தால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்வோம்.