பணி வழிகாட்டல் வேண்டி: கிண்டி 2021 சிவில் மாணவி, டிரெஸ்டனிலிருந்து

டிரெஸ்டன்,
14 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் பெயர் கயல்விழி. கிண்டி பொறியியல் கல்லூரியில் 2021ஆம் ஆண்டு சிவில் பி.இ. முடித்தேன். இரண்டு ஆண்டுகள் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு, 2023 அக்டோபர் முதல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீரியல் முதுகலை படித்து வருகிறேன். சென்ற மாதம் நம் துறையின் முன்னாள் மாணவர்கள் இணையவழியில் கூடியபோது, ஜெர்மனியில் எட்டு ஆண்டுகள் நிலத்தடி நீர்ப் பணியில் இருந்த பிறகு சென்னை திரும்பியதைப் பற்றித் தாங்கள் பேசினீர்கள். அன்று பலர் காத்திருந்ததால் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்கவே, ஒருங்கிணைப்பாளர் மூலம் தங்கள் அனுமதியோடு முகவரி பெற்று இதை எழுதுகிறேன்.

டிசம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். என் பொருள் ஆற்றங்கரை வடிகட்டல். இந்நகரம் 1875இலிருந்தே எல்பே ஆற்றின் கரையோரக் கிணறுகளில் குடிநீர் எடுக்கிறது. ஆற்று நீர் மணலுக்கும் சரளைக்கும் ஊடாகக் கசிந்து கிணற்றை அடைவதற்குள் அழுக்கின் பெரும்பகுதியை மண்ணே பிடித்துக்கொள்கிறது. ஆற்றிலும் கண்காணிப்புக் கிணறுகளிலும் வெப்பமானிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். கோடையில் ஆறு சூடேறிய பிறகு அதே சூடு கிணற்றில் எத்தனை நாள் தாமதமாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு, நீர் மண்ணுக்குள் பயணம் செய்யும் காலத்தை மதிப்பிடுகிறேன்.

இப்பொருளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எல்பே அல்ல, பாலாறு. என் பாட்டியின் ஊர் வாலாஜாபாத் பக்கம். கோடையில் வறண்ட ஆற்று மணலில் முழங்கை ஆழம் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும் வரை பொறுத்திருந்து, கொட்டாங்குச்சியால் குடத்தில் மொண்டு ஊற்றுவதை நான் சிறுமியாக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். இங்கே பாடநூலில் அதே செயலுக்குச் சமன்பாடு எழுதியிருப்பதைக் கண்ட நாளில்தான், இதுவே என் வேலை என்று முடிவு செய்தேன். மணல் அள்ளப்பட்டு, மேல்பகுதியில் தோல் பதனிடும் கழிவும் சேர்ந்து, ஆண்டின் பெரும்பகுதி நீரே ஓடாத ஓர் ஆற்றில் இம்முறை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதற்கு விடை தேட விரும்புகிறேன்.

என் குழப்பம் அங்கு சேரும் வழியைப் பற்றியது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதங்கள் இங்கே தங்கலாம். பேராசிரியர், தம்மிடமே முனைவர் பட்டத்துக்குச் சேரும்படி கேட்டிருக்கிறார். ஆனால் அந்த ஆய்வு முழுவதும் எல்பே படுகையைச் சார்ந்தது. வேலைக்குப் போகலாம் என்றால் மொழி தடையாக நிற்கிறது. என் ஜெர்மன் பி1 நிலையில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் நேர்காணலில் கணினி மாதிரிகளைப் பற்றி நன்றாகப் பேசிய பிறகும், களத்தில் கிணறு தோண்டுவோரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் தடையின்றிப் பேச இது போதாது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயமே என்பதால் பி2 வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். உடனே ஊர் திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் உண்டு. கல்விக் கடனில் பாதிக்கு மேல் நிலுவையில் இருப்பதால் வீட்டில் அதற்குத் தயங்குகிறார்கள்.

தங்களிடம் நான் அறிய விரும்புவது இதுதான்: தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்த் திட்டங்களுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருந்து பார்க்கும்போது, முனைவர் பட்டத்தோடு வருபவரை விட மூன்று, நான்கு ஆண்டுகள் களத்தில் கிணறு அமைத்த அனுபவத்தோடு வருபவர் அதிகம் பயன்படுவாரா? தாங்கள் திரும்பியபோது இங்கு பெற்ற அனுபவத்தில் எது அப்படியே உதவியது, எதை நம் மண்ணுக்கும் நம் அலுவலக நடைமுறைக்கும் ஏற்ப முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது? எட்டு ஆண்டுகள் என்பது தாங்கள் திட்டமிட்டதா, சூழ்நிலையால் நீண்டதா என்பதையும், சொல்லக்கூடியதாக இருந்தால், அறிய ஆசை.

வேலையோ பரிந்துரையோ கேட்டு இதை எழுதவில்லை. இருபது நிமிடம் தொலைபேசியில் பேச இயலுமானால் பெரும் உதவியாக இருக்கும். இந்திய நேரத்துக்கு நாங்கள் இப்போது மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறோம்; தங்களுக்கு வசதியான எந்த நேரமும், அது எனக்கு விடியற்காலையாக இருந்தாலும், சரியே. பேச நேரம் அமையாவிட்டால் இரண்டு வரிப் பதிலும் போதும். பேராசிரியருக்கு அக்டோபர் இறுதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதால் மட்டுமே காலத்தைக் குறிப்பிடுகிறேன். என் தன்விவரத்தையும் ஆய்வின் இரண்டு பக்கச் சுருக்கத்தையும் இணைத்துள்ளேன். பேசுவதற்கு முன் அவற்றைப் படித்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

தங்கள் நேரத்துக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
கயல்விழி
சிவில், கிண்டி, 2017–2021