வராத பாக்கி: நாள்வாரி அறிக்கை, 31.07.2025 நிலவரம்

பெறுபவர்: முதலாளி. நகல்: மூன்று லைன் விற்பனையாளர்களுக்கும்.
அனுப்புவது: கணக்குப் பிரிவு, கீழமாசி வீதி கடை, மதுரை.

வெளியே நிற்கும் மொத்தப் பாக்கி 48.60 லட்சம். ஜூன் கடைசியில் 46.10 லட்சம். இரண்டரை லட்சம் ஏறியது பெரிய விஷயமில்லை. 60 நாளைத் தாண்டிய பணம் 7.15 லட்சத்திலிருந்து 9.70 லட்சமாகிவிட்டது, அதுதான் கவலை. ஆடி மாதம் வியாபாரம் மந்தம் என்று லைனில் சொல்கிறார்கள். ஆனால் இந்த 9.70 லட்சமும் ஆடிக்கு முன்பே போட்ட பில்கள்.

நாட்கள் பில் தேதியிலிருந்து எண்ணப்பட்டவை (ரூ. லட்சத்தில்):

| 0–15 | 16–30 | 31–60 | 61–90 | 90க்கு மேல் |
|---|---|---|---|---|
| 19.40 | 11.20 | 8.30 | 4.45 | 5.25 |

நம் தவணை 30 நாள். அதைத் தாண்டியது 18 லட்சம். ஓ.டி. வட்டி பத்தரை சதவீதம் என்பதால் இதற்கு மட்டும் மாதம் 15,750 ரூபாய் நம் கையிலிருந்து போகிறது. இந்த 18 லட்சத்தில் முக்கால் பங்கு ஐந்து பேரிடம் இருக்கிறது:

| யார் | 31–60 | 61–90 | 90+ | மொத்தம் |
|---|---|---|---|---|
| உசிலம்பட்டி மளிகை | 0.60 | 1.10 | 2.35 | 4.05 |
| திருமங்கலம் ஹோட்டல் | 2.20 | 0.85 | – | 3.05 |
| மேலூர் மளிகை | 1.75 | 0.90 | – | 2.65 |
| திருநகர் கேட்டரிங் | – | 0.70 | 1.80 | 2.50 |
| வாடிப்பட்டி மளிகை | – | 0.40 | 1.10 | 1.50 |
| மற்ற 23 கடைகள் | 3.75 | 0.50 | – | 4.25 |

உசிலம்பட்டி. இவர் ஒழுங்காகப் பணம் தருகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், நானும்தான். வியாழன்தோறும் 20,000 தருகிறார், அதே வண்டியில் 30,000, 35,000-க்குச் சரக்கு இறக்கிக்கொள்கிறார். தந்த பணத்தையும் புதிய பில்லில் கழித்து வந்ததால், ஏப்ரல் 11 தேதியிட்ட 1,28,000 ரூபாய் எண்ணெய் டின் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இனிமேல் எந்த வரவும் பழைய பில்லில்தான் கழியும். அந்த பில் தேதியிலிருந்து 180 நாள் அக்டோபர் 8-ல் முடிகிறது. அதற்குள் நமக்குப் பணம் தராவிட்டால், எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். இதை அவருடைய ஆடிட்டர் காதில் போட்டுவைத்தால் நாம் பத்து தடவை போன் செய்வதைவிட வேகமாக வேலை நடக்கும். ஹோட்டலுக்கும் கேட்டரிங்குக்கும் இது பலிக்காது, உள்ளீட்டு வரி எடுக்காத 5 சதவீதக் கணக்கில் இருக்கிறார்கள்.

மேலூர். இதில் தப்பு நம் பக்கம். துவரம் பருப்பு 12 மூட்டையில் எடை குறைந்தது என்று மே மாதமே சொல்லிவிட்டார். கிரெடிட் நோட் போடாமல் விட்டது நாம்தான். அந்த ஒரு பில்லுக்காக மற்றதையும் நிறுத்திவைத்திருக்கிறார். திங்கட்கிழமை நோட்டைப் போட்டு நேரில் கொடுத்துவிட்டு, அப்புறம் பணம் கேட்போம். கோபமாகப் பேச வேண்டிய ஆள் இல்லை.

வாடிப்பட்டி. 1,10,000 ரூபாய் காசோலை பணமில்லை என்று திரும்பியது. வங்கிச் சிட்டை ஜூலை 23-ல் கிடைத்தது. 138-வது பிரிவுப்படி 30 நாளுக்குள் நோட்டீஸ் போய்விட வேண்டும், அதாவது ஆகஸ்ட் 22. தள்ளிப்போனால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகஸ்ட் 8-லேயே வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் அனுப்பிவிட உத்தேசம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு.

திருநகர் கேட்டரிங். கல்யாண சீசன் முடிந்தும் தரவில்லை. சரக்கு நிறுத்தம். பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் வாங்குகிறேன். வழக்குக்கான மூன்று வருடக் கெடு கையெழுத்து நாளிலிருந்து புதிதாக ஓடும்.

திருமங்கலம் ஹோட்டல். நல்ல பார்ட்டி, சோம்பல் மட்டும்தான். முதலாளி ஒரு போன் போட்டால் போதும்.

“45 நாள் சட்டம் இருக்கிறதே” என்று லைனில் ஒருவர் கேட்டார். அது சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான். மொத்த வியாபாரியான நமக்கு உத்யம் பதிவு இருந்தும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டாம்.

ஆகஸ்ட் 18 முதல்: எண்ணெய், சர்க்கரைக்கு 7 நாள். பருப்பு வகைக்கு 21 நாள். ஒரு பில் 45 நாளைத் தாண்டினால் டேலியில் அந்தக் கடைக்கு பில் போடுவது நிறுத்தப்படும், முதலாளி சொன்னால் மட்டும் திறக்கும். கடன் வரம்பு, கடந்த ஆறு மாதத்தின் சராசரி ஒரு மாதக் கொள்முதல். கேட்டரிங் ஆட்களுக்குப் பாதி முன்பணம். விற்பனையாளர் கமிஷன் பில்லுக்கு இல்லை, வசூலுக்குத்தான். இதற்கு முணுமுணுப்பு வரும். ஆனால் பருப்பில் நமக்கு நிற்பது நூற்றுக்கு இரண்டு. வாடிப்பட்டியின் ஒன்றரை லட்சம் போனால் ஈடுகட்ட 75 லட்சத்துக்கு விற்க வேண்டும்.

தீபாவளிச் சரக்கு ஏற்றுவதற்குள் இதை முடிக்க வேண்டும். முதலாளி சொல்ல வேண்டியவை இரண்டு: வாடிப்பட்டி நோட்டீஸுக்குச் சம்மதமா, உசிலம்பட்டிக்கு அடுத்த வியாழன் வண்டி போகலாமா. திங்கள் காலை கடை திறக்கும்போது தெரிந்தால் போதும்.