கன்று இருப்புத் தாள், சாட்ஸ்வொர்த் நர்சரி, 30 ஆகஸ்ட் 2025

எண்ணியது சனி காலை, கடை திறக்குமுன். செத்தது, முறிந்தது சேர்க்கவில்லை.

| இனம் | பை | வயது | இருப்பு | விற்பனை |
|---|---|---|---|---|
| கறிவேப்பிலை, விதைக்கன்று | 2 லி | 14 மாதம் | 86 | தயார் |
| கறிவேப்பிலை, பக்கக்கன்று | 2 லி | பிரித்து 4 மாதம் | 40 | வேண்டாம் |
| கறிவேப்பிலை, பெரியது | 10 லி | 3 வருடம் | 11 | 8 தயார், 3 சொல்லி வைத்தது |
| மா, கென்ட் ஒட்டு | 10 லி | ஒட்டி 11 மாதம் | 24 | 17 தயார் |
| மா, டாமி அட்கின்ஸ் ஒட்டு | 5 லி | ஒட்டி 5 மாதம் | 30 | நவம்பரில் |
| லிச்சி, மொரீஷியஸ், பதியம் | 5 லி | பையில் 5 மாதம் | 32 | வேண்டாம் |
| எலுமிச்சை, யுரேகா | 10 லி | 18 மாதம் | 19 | 13 தயார் |
| முருங்கை | 2 லி | 5 மாதம் | 55 | செப்டம்பர் பாதியில் |
| குண்டுமல்லி | 2 லி | 7 மாதம் | 60 | தயார் |
| துளசி | 1 லி | 10 வாரம் | 48 | தயார் |
| கோரல் மரம் | 10 லி | 2 வருடம் | 14 | தயார் |
| செண்டுமல்லி | 6 குழித் தட்டு | 5 வாரம் | 90 தட்டு | செப்டம்பர் 6 முதல் |

லிச்சியைப் பற்றி, தம்பி: மேலே பார்த்தால் கொழுந்து செம்பு நிறத்தில் பளபளக்கிறது, யாரும் கேட்பார்கள். நேற்று ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வேர் பச்சைப்பயறு முளை மாதிரி வெள்ளையாக இருந்தது, தொட்டதும் ஒடிந்தது. மண் பிடிக்காமல் பாதி உதிர்ந்துவிட்டது. போன வருடம் இப்படித்தான் ஒன்றை அவசரப்பட்டு விற்றோம். பேரன் பிறந்ததற்கு நட வாங்கிப் போன ஆயா டிசம்பரில் காய்ந்த குச்சியோடு வந்து நின்றார். வேறு கன்று கொடுத்தேன், ஆனாலும் அந்த முகம் மறக்கவில்லை. வேர் பழுப்பேறி, மண்ணைக் கட்டியாகப் பிடிக்கும்வரை 32-ம் நிழல்வலைக்குள்ளேயே இருக்கட்டும். கறிவேப்பிலைப் பக்கக்கன்றுக்கும் இதே கணக்குதான். இரண்டு தளிர் விட்டது தாய்வேரில் இருந்த பலம், சொந்த வேர் இன்னும் இல்லை.

கென்டில் மீதி 7-க்கு ஒட்டு நாடா இறுகித் தண்டை வெட்டுகிறது. திங்கட்கிழமை அவிழ்த்துவிடு. ஒட்டுக்குக் கீழே துளிர்த்ததையும் கிள்ளிவிடு, அது நாட்டு மா.

எலுமிச்சை 6-ன் இலையில் முண்டு முண்டாக இருக்கிறது, சில்லிட் பூச்சி. பின் வேலியோரம் ஒதுக்கியிருக்கிறேன், யார் கேட்டாலும் கொடுக்காதே.

முருங்கை குளிரில் இலை கொட்டியிருக்கிறது, சாகவில்லை. நகத்தால் கீறினால் பச்சை தெரியும். தண்ணீர் குறைத்து ஊற்று.

ஆர்பர் வாரம் திங்களன்று தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தார் உள்நாட்டு மரம்தான் கேட்பார்கள். கோரல் மரத்தை வாசலுக்குக் கொண்டுவா. நம் கல்யாண முருங்கைக்குச் சொந்தம் என்று சொல்லு, பெரியவர்களுக்கு உடனே புரியும்.

செண்டுமல்லி தீபாவளிக்குப் பூக்க வேண்டும். அக்டோபர் 20-க்கு ஏழு வாரம் இருக்கிறது. இப்போது மொட்டு வந்தால் கிள்ளிவிடு.

பெர்க் காற்று அடிக்கும் நாளில் 1 லி, 2 லி பைகளுக்கு மதியமும் தண்ணீர் வேண்டும். அடுத்த எண்ணிக்கை செப்டம்பர் 13.